ரெனவேஷன் வேலைக்குக் கட்டம் கட்டமாக பில் போடுவது எப்படி: முன்பணமும் ரிட்டென்ஷனும் உள்ள ஒப்பந்தத்துக்கு ஒரு முழுக் கணக்கு

ரெனவேஷன் கம்பெனி புதிதாகத் தொடங்கியவர்களும், அப்படி ஒரு கம்பெனியில் கணக்கு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களும் முதல் பில்லில் அதிகமாகத் தடுமாறுவதில்லை. இரண்டாவது பில்லில்தான் திணறுகிறார்கள். முதல் பில் வெறும் முன்பணம், ஒப்பந்தத் தொகையில் இத்தனை சதவீதம் என்று போட்டு அனுப்பிவிடலாம். அடுத்த பில் வரும்போது கொடுத்த முன்பணத்தில் கொஞ்சம் கழிக்க வேண்டும், வாடிக்கையாளர் பிடித்து வைக்கும் ரிட்டென்ஷனைக் கழிக்க வேண்டும், ஏற்கெனவே பில் போட்டதைக் கழிக்க வேண்டும், இது எல்லாம் போக எந்தத் தொகைக்கு ஜிஎஸ்டி போடுவது என்ற கேள்வி வேறு வந்து நிற்கும்.

இதற்கு ஒரே ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். ஒவ்வொரு தடவையும் வேலை தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை மொத்தம் எவ்வளவு வேலை முடிந்திருக்கிறது என்று எடுங்கள், அந்த மொத்தத்தில் ரிட்டென்ஷனையும் முன்பணத்தையும் கழியுங்கள், கடைசியில் போன பில் வரை இதே முறையில் வந்த தொகையைக் கழியுங்கள். மிச்சம்தான் இந்தத் தடவை பில். இந்த மாதம் செய்த வேலையை மட்டும் தனியாக எடுத்துக் கணக்குப் போடுகிறவர்கள் எந்த இடத்தில் இடறுகிறார்கள் என்பதைக் கீழே எண்களோடு காட்டுகிறேன்.

உதாரணத்துக்கு ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தைச் சாப்பாட்டுக் கடையாக மாற்றும் வேலை. ஒப்பந்தத் தொகை ஜிஎஸ்டி சேராமல் 1,20,000 வெள்ளி. நீங்கள் ஜிஎஸ்டி பதிவு செய்த கம்பெனி. (ஆண்டு வரவு பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டினால் பதிவு கட்டாயம். பதிவு இல்லாதவர்கள் பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு காசு கூடப் போடக் கூடாது, கீழே வரும் 9 விழுக்காட்டு வரிகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அப்படியே பயன்படுத்துங்கள்.)

ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டியது

பில் போட உட்காருவதற்கு முன் ஒப்பந்தத்தைத் திறந்து நான்கு விஷயத்தை ஒரு தாளில் எழுதி வையுங்கள். முன்பணம் எவ்வளவு, அது எந்த வேகத்தில் திரும்பக் கழிக்கப்படும், முடிந்த வேலைக்குப் பணம் கேட்கும் ஒவ்வொரு கிளெய்மிலும் ரிட்டென்ஷன் எத்தனை சதவீதம், அது எந்த உச்சத்தில் நிற்கும். நம் உதாரணத்தில் முன்பணம் 20 விழுக்காடு, அதாவது 24,000 வெள்ளி. முடிந்த வேலையின் மதிப்பில் அதே 20 விழுக்காடு ஒவ்வொரு கிளெய்மிலும் கழிக்கப்படும். ரிட்டென்ஷன் ஒவ்வொரு கிளெய்மிலும் 10 விழுக்காடு, ஆனால் ஒப்பந்தத் தொகையில் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, அதாவது 6,000 வெள்ளியோடு நின்றுவிடும். வேலையை ஒப்படைக்கும்போது அதில் பாதி, பழுது பார்க்கும் பொறுப்புக் காலமான 12 மாதம் முடிந்ததும் மறு பாதி.

நான்கில் ஏதாவது ஒன்று எழுத்தில் இல்லையென்றால் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். ரொம்பப் பேர் விட்டுவிடுவது அந்த உச்சவரம்புதான். ‘ரிட்டென்ஷன் 10%’ என்று மட்டும் எழுதியிருந்தால் கடைசி கிளெய்ம் வரை 10 விழுக்காடு பிடிக்க வாடிக்கையாளருக்கு இடம் இருக்கிறது. இந்த வேலையில் அது 12,000 வெள்ளி, உங்கள் இலாபம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடலாம்.

முன்பண பில்

இதைச் சாதாரண டாக்ஸ் இன்வாய்ஸாகவே போடுங்கள்: 24,000 வெள்ளி, 9 விழுக்காடு ஜிஎஸ்டி 2,160, மொத்தம் 26,160. இது வேலைக்கான விலையின் ஒரு பகுதி, திருப்பிக் கொடுக்கும் வைப்புத் தொகை இல்லை. அதனால் இன்வாய்ஸ் போட்ட தேதி, பணம் வந்த தேதி இரண்டில் எது முந்தியதோ அந்த நாளே ஜிஎஸ்டிக்குக் கணக்கு.

இங்கே ஒரு சின்ன விஷயத்தில் ஆட்கள் மாட்டிக்கொள்வார்கள். வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட கையோடு கைப்பேசியை எடுத்து பேநவ்வில் உங்கள் கம்பெனியின் யூஇஎன் எண்ணுக்கு முன்பணத்தை அனுப்பிவிடுகிறார். அது மார்ச் 29 என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இன்வாய்ஸை ஏப்ரல் 5 அன்று போடுகிறீர்கள். உங்கள் ஜிஎஸ்டி காலாண்டு மார்ச்சோடு முடிந்தால் அந்த 2,160 வெள்ளி மார்ச் காலாண்டுக் கணக்கில்தான் போக வேண்டும், ஜூன் காலாண்டில் இல்லை. இன்வாய்ஸ் தேதியை வைத்து மட்டும் கணக்கு எடுக்கிற மென்பொருள் இதைக் கண்டுபிடிக்காது. காலாண்டு முடியும் வாரத்தில் வங்கிக் கணக்கைக் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

டாக்ஸ் இன்வாய்ஸ் என்ற தலைப்பு, உங்கள் பெயர், முகவரி, ஜிஎஸ்டி பதிவு எண், இன்வாய்ஸ் எண், தேதி, வாடிக்கையாளரின் பெயர், முகவரி, வேலையின் விவரம், வரிக்கு முந்திய தொகை, வரி விகிதம், வரி, மொத்தம். இவை இருக்க வேண்டும். விவரம் என்ற இடத்தில் ‘முன்பணம்’ என்று ஒற்றைச் சொல்லோடு விடாமல் ஒப்பந்த எண்ணையும் ‘ஒப்பந்தத் தொகையில் 20 விழுக்காடு, இனி வரும் கிளெய்ம்களில் கழிக்கப்படும்’ என்றும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அவர்கள் பக்கக் கணக்காளர் யாராவது புதிதாக வந்து பார்த்தாலும் புரிய வேண்டும்.

முதல் கிளெய்ம்

ஒரு மாதம் ஓடியிருக்கிறது. பழைய தரையை உடைத்து எடுத்தாயிற்று, கழிவை ஏற்றி அனுப்பியாயிற்று, புதிய தடுப்புச் சுவர் எழும்பியிருக்கிறது, வயரிங், தண்ணீர்க் குழாய் எல்லாம் சுவருக்குள் போய்விட்டன. ஒப்பந்தத்தின் விலைப் பட்டியலில் வரிவரியாகப் பார்த்து, ஒவ்வொரு வரியிலும் எத்தனை சதவீதம் முடிந்தது என்று போட்டுக் கூட்டுகிறீர்கள். 36,000 வெள்ளி வருகிறது.

அதில் ரிட்டென்ஷன் 10 விழுக்காடு, 3,600. முன்பணக் கழிவு 20 விழுக்காடு, 7,200. மிச்சம் 25,200. இதற்கு முன் கிளெய்ம் ஏதும் இல்லை, ஆகவே இந்தத் தடவை கேட்க வேண்டியது அதேதான். ஜிஎஸ்டி 2,268. மொத்தம் 27,468 வெள்ளி.

ஜிஎஸ்டியை 25,200க்குத்தான் போட்டிருக்கிறோம், 36,000க்கு இல்லை, கவனியுங்கள். முன்பணத்துக்கான வரி முன்பண இன்வாய்ஸிலேயே போய்விட்டது, 7,200க்கு மறுபடி வரி போட்டால் ஒரே பணத்துக்கு வாடிக்கையாளரிடம் இரண்டு முறை வாங்குகிறீர்கள். ரிட்டென்ஷன் விஷயம் வேறு. பிடித்து வைத்த பணத்துக்கு, அதற்காக இன்வாய்ஸ் போடும் நாளோ பணம் வரும் நாளோ, எது முந்தியதோ அன்றுதான் வரிக் கணக்கு வரும். இந்தச் சலுகையை நாமே கெடுத்துக்கொள்ளக் கூடாது. முழு 36,000க்கும் டாக்ஸ் இன்வாய்ஸ் போட்டு, அடியில் ‘ரிட்டென்ஷன் கழிவு’ என்று பென்சிலில் எழுதுவதுபோல் ஒரு வரி சேர்த்தால், கைக்கே வராத 3,600 வெள்ளிக்கு 324 வெள்ளி வரியை நீங்கள் இப்போதே கட்ட வேண்டிவரும். மொத்த வேலையில் இது 540 வெள்ளி, அதில் பாதி ஒரு வருடத்துக்கு மேல் முடங்கும்.

இந்த நேரத்தில் வாடிக்கையாளர் கட்டாயம் ஒரு கேள்வி கேட்பார். “அண்ணே, முன்பணம் 24,000 கொடுத்தாச்சு, நீங்க 36,000க்கு வேலை செஞ்சிருக்கீங்க, அப்போ 12,000தானே பாக்கி?” நியாயமான கேள்வி, எரிச்சல்படாமல் விளக்குங்கள். முன்பணம் முழு வேலைக்கும் பரவலாகக் கொடுத்தது, அதனால் முழு வேலைக்கும் பரவலாகவே கழியும், ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று அந்த வரியை எடுத்துக் காட்டுங்கள். முதல் கிளெய்மிலேயே முழுதும் கழித்துவிட ஒப்புக்கொண்டால் டைல்ஸுக்கும் தச்சு வேலைக்கும் பணம் கட்ட வேண்டிய மாதத்தில் உங்கள் கை வறண்டுபோகும்.

கிளெய்ம் முதலில், இன்வாய்ஸ் பிறகு

மேலே போட்ட கணக்கை நேராக டாக்ஸ் இன்வாய்ஸாக அனுப்ப வேண்டாம் என்பது என் திடமான அபிப்பிராயம். முதலில் பேமெண்ட் கிளெய்ம் என்ற தலைப்பில், வரி இன்வாய்ஸ் என்று எங்கும் எழுதாமல், ஒரு தாளை அனுப்புங்கள். வாடிக்கையாளர் பார்த்து எவ்வளவு ஒத்துக்கொள்கிறார் என்று பதில் தரட்டும். அந்தத் தொகைக்கு டாக்ஸ் இன்வாய்ஸ் போடுங்கள். அவசரப்பட்டு முதலிலேயே இன்வாய்ஸ் போட்டுவிட்டு, அவர் ‘தடுப்புச் சுவர் இன்னும் முடியவில்லை, 2,000 குறையுங்கள்’ என்றால் கிரெடிட் நோட் எழுத வேண்டும், வரிக் கணக்கைத் திருத்த வேண்டும், இரண்டு பக்கமும் எந்தத் தாள் சரியான தாள் என்ற குழப்பம் வேறு.

இந்த வரிசைக்குச் சட்டத்தின் துணையும் இருக்கிறது. தளத்தில் எல்லாரும் சோப்பா என்று சொல்லும் கட்டுமானத் துறைப் பணப் பாதுகாப்புச் சட்டம் 2005 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது, 2019 டிசம்பரில் சில திருத்தங்கள் சேர்ந்தன. எழுத்தில் உள்ள ஒப்பந்தம் வேண்டும். நம் கடைவீட்டு வேலை போன்ற வணிக இட வேலைக்கு அது பொருந்தும். நீங்கள் முறையாகக் கிளெய்ம் கொடுத்தால், வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் சொன்ன நாளுக்குள், எப்படியும் 21 நாளுக்கு மேல் போகாமல், எவ்வளவு தருவேன், குறைத்தால் ஏன் குறைக்கிறேன் என்று எழுத்தில் பதில் தர வேண்டும். ஒப்பந்தத்தில் நாள் எதுவும் இல்லையென்றால் 14 நாள். பிறகு நீங்கள் டாக்ஸ் இன்வாய்ஸ் கொடுத்ததிலிருந்து பணம் கட்டும் கெடு ஓடத் தொடங்கும், ஒப்பந்தத்தில் எவ்வளவு நீட்டி எழுதினாலும் 35 நாளைத் தாண்ட முடியாது. இதில் உங்கள் கையில் இருப்பது இன்வாய்ஸ் போகும் நாள். பதில் வந்த அன்றே போட்டால் அன்றே கெடு தொடங்கும், மேசையில் பத்து நாள் கிடந்தால் உங்கள் பணமும் பத்து நாள் கிடக்கும்.

கிளெய்ம் தாளில் இரண்டு தரப்பின் பெயர், எந்த ஒப்பந்தம், எந்தக் காலத்துக்கான வேலை, வரிவரியாகக் கணக்கு, கடைசியில் கேட்கும் தொகை, இவை தெளிவாக இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் கிளெய்ம் கொடுக்கும் தேதி போட்டிருந்தால் அந்தத் தேதியைப் பிடியுங்கள். மின்னஞ்சலில் அனுப்பினால் எந்த முகவரிக்கு என்று ஒப்பந்தம் சொல்கிறதோ அங்கேயே அனுப்புங்கள். தள மேற்பார்வையாளரின் வாட்ஸ்அப்பில் படம் எடுத்துப் போட்டுவிட்டு ‘கொடுத்தாச்சு’ என்று நினைக்க வேண்டாம்.

பதிலே வராவிட்டால் சும்மா காத்திருக்காதீர்கள். பதில் கெடு முடிந்தபின் 7 நாள் பேசித் தீர்க்கும் காலம், அது முடிந்ததும் தீர்ப்பாளரிடம் போக இன்னொரு 7 நாள்தான். விண்ணப்பம் சிங்கப்பூர் சமரச மையத்திடம் போகும். அந்த இரண்டாவது 7 நாளைத் தவறவிட்டால் அந்தத் தடவைக்கான வாய்ப்புப் போச்சு. நாள்காட்டியில் கிளெய்ம் கொடுத்த அன்றே மூன்று தேதிகளையும் குறித்துவிடுங்கள்.

இரண்டாவது கிளெய்ம், உச்சவரம்பு இடிக்கும் இடம்

அடுத்த மாதம் டைல்ஸ் முடிந்தது, ஃபால்ஸ் சீலிங் ஏறிவிட்டது, சமையலறைப் புகைக் குழாய் பொருத்தியாயிற்று. தொடக்கத்திலிருந்து இன்றுவரை மொத்த வேலை 78,000 வெள்ளி. இந்த மாதத்து வேலை மட்டும் 42,000.

மொத்தத்தில் 10 விழுக்காடு 7,800, ஆனால் உச்சம் 6,000. ஆகவே ரிட்டென்ஷன் 6,000. முன்பணக் கழிவு இதுவரை 15,600. 78,000லிருந்து இரண்டையும் கழித்தால் 56,400. போன தடவை வரை 25,200. இந்தத் தடவை 31,200, ஜிஎஸ்டி 2,808, மொத்தம் 34,008.

இப்போது இந்த மாத வேலையை மட்டும் தனியாகப் பார்க்கிறவர் என்ன போடுவார்? 42,000, அதில் 10 விழுக்காடு 4,200, 20 விழுக்காடு 8,400, மிச்சம் 29,400. பார்த்தால் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் 1,800 வெள்ளி குறைவாகக் கேட்டிருக்கிறார், ஏனென்றால் 3,600 ஏற்கெனவே பிடித்திருக்க, இப்போது 2,400தான் பிடிக்க இடம் இருந்தது. வாடிக்கையாளர் இதைச் சுட்டிக்காட்டமாட்டார். அவர் மேல் தவறும் இல்லை, நீங்கள் கேட்டதை அவர் கொடுக்கிறார்.

கிளெய்ம் தாளில் கணக்குப் பகுதி இப்படி இருக்கட்டும், எந்த வரியையும் சுருக்க வேண்டாம்:

இன்றுவரை முடிந்த வேலை: 78,000.00
கழிவு, ரிட்டென்ஷன் (10%, உச்சம் 6,000): 6,000.00
கழிவு, முன்பணம் இன்றுவரை: 15,600.00
இன்றுவரை நிகரம்: 56,400.00
கழிவு, கிளெய்ம் 1 வரை நிகரம்: 25,200.00
இந்தக் கிளெய்ம்: 31,200.00

விரிதாளில் செய்பவர்களுக்கு: B பத்தியில் கூடுதல் வேலையும் சேர்த்து இன்றுவரை மொத்த வேலை, C பத்தியில் மூல ஒப்பந்த வேலை மட்டும். கிளெய்ம் 1 இரண்டாவது வரிசையில், கிளெய்ம் 2 மூன்றாவது வரிசையில் இருந்தால்:

```
D3: =MIN(B3*10%, 6000)
E3: =MIN(C3*20%, 24000)
F3: =B3-D3-E3
G3: =F3-F2
```

D ரிட்டென்ஷன், E முன்பணக் கழிவு, F இன்றுவரை நிகரம், G இந்தக் கிளெய்ம். B, C இரண்டையும் ஏன் பிரித்தேன் என்பது மூன்றாவது கிளெய்மில் தெரியும்.

அதற்கு முன், வேலை மதிப்புப் போடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. தச்சு வேலை பெரும்பாலும் ஜொகூரில் உள்ள பட்டறையில் நடக்கும். கல்லா மேசை, அலமாரி எல்லாம் அங்கே செய்து முடித்துப் பிளாஸ்டிக் சுற்றி அடுக்கி வைத்திருப்பார்கள், உங்கள் தச்சர் அங்கே பாதிப் பணம் வாங்கியும் இருப்பார். அதை இந்தக் கிளெய்மில் சேர்க்கலாமா? தளத்துக்கு வராத பொருளுக்குப் பணம் கேட்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் சேருங்கள், இல்லையென்றால் சேர்க்காதீர்கள். சேர்த்தால் வாடிக்கையாளர் அந்த ஒரு வரியை மட்டும் வெட்டுவதோடு நிற்கமாட்டார், மற்ற சதவீதங்களையும் சந்தேகத்தோடு பார்ப்பார். தச்சு வேலை பெரிய பங்காக இருக்கும் ஒப்பந்தங்களில் ‘பட்டறையில் தயாரானதும் இத்தனை, தளத்தில் பொருத்தியதும் இத்தனை’ என்று முன்கூட்டியே பிரித்து எழுதி வாங்குவது ரொம்ப உதவும். சுவருக்குள் மறையும் வேலையை, வயரிங்கோ குழாயோ, மூடுவதற்கு முன்பே படம் எடுத்துத் தேதியோடு கிளெய்முடன் சேர்த்து அனுப்புங்கள். மூடிய பிறகு யாராலும் எதையும் காட்ட முடியாது.

கூடுதல் வேலையும் கடைசி கிளெய்மும்

நடுவில் கடைக்காரர் கூடுதலாக ஒரு குளிர்பெட்டிக்கு மின்இணைப்பும், முன்பக்கம் விளக்குகளும் கேட்டார். 6,000 வெள்ளி என்று விலை சொல்லி, வி.ஓ., அதாவது கூடுதல் வேலைக்கான ஆணை, எண் 1 என்று ஒரு பக்கத் தாளில் கையெழுத்து வாங்கி வேலை முடித்தாயிற்று. கையெழுத்து வாங்காத வி.ஓ.வைக் கிளெய்மில் சேர்க்கலாம்தான், ஆனால் ‘நான் விலைக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை’ என்ற பதில் வந்தால் உங்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது. அவசரத்தில் வாய்வார்த்தையாகச் சொன்னால் அன்று மாலையே விலையோடு ஒரு மின்னஞ்சல் போட்டு ‘சரி’ என்று பதில் வாங்கிவிடுங்கள்.

வேலை முடிந்தது. மூல ஒப்பந்தம் 1,20,000, வி.ஓ. 6,000, மொத்தம் 1,26,000. ரிட்டென்ஷன் 6,000, மேலே போகாது. முன்பணக் கழிவு 24,000, அதற்கு மேல் போகவே முடியாது, கொடுத்ததே அவ்வளவுதான். வி.ஓ.வுக்கு முன்பணம் யாரும் தரவில்லை. இங்கேதான் B, C இரண்டையும் பிரித்து வைத்த பயன். 1,26,000க்கு 20 விழுக்காடு என்று கண்ணை மூடிப் போட்டால் 25,200 வரும், வாங்காத 1,200 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்ததாக ஆகும்.

நிகரம் 96,000. முன்பு வரை 56,400. இந்தக் கிளெய்ம் 39,600, ஜிஎஸ்டி 3,564, மொத்தம் 43,164.

வி.ஓ. சேர்ந்ததால் ரிட்டென்ஷன் உச்சமும் 6,300 ஆகும் என்று சில வாடிக்கையாளர்கள் சொல்வார்கள். மூல ஒப்பந்தத் தொகையில் 5 விழுக்காடா, திருத்திய தொகையில் 5 விழுக்காடா என்பதை ஒப்பந்தத்தின் சொற்கள்தான் முடிவு செய்யும். நம் உதாரணத்தில் மூலத் தொகை என்று எழுதியிருக்கிறது.

ரிட்டென்ஷனைத் திரும்ப வாங்குவது

முதல் பாதி 3,000 வெள்ளி ஒப்படைப்பன்று வர வேண்டியது. ஒப்படைப்பு எப்போது நடந்தது என்று எழுத்தில் இல்லாவிட்டால் இந்தப் பாதியும் நிற்கும், 12 மாதக் காலம் எந்த நாளில் தொடங்கியது என்பதும் தெரியாது. கடைக்காரரோடு சேர்ந்து நடந்து பாருங்கள். கீறல், இடைவெளி, சரியாக மூடாத கதவு எல்லா இடத்திலும் பெயின்ட் டேப் துண்டு ஒட்டி எண் போடுங்கள், அதே எண்ணில் ஒரு பட்டியல் எழுதுங்கள், சரிசெய்யும் தேதியும் போட்டு இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சின்னக் குறைகள் இருந்தாலும் ஒப்படைப்பு நடந்ததாக அந்தத் தாளில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். கடை திறந்து வியாபாரம் நடக்கிறது, ஆனால் ‘அந்தக் கதவு சரியாகவில்லை, ஆகவே இன்னும் ஒப்படைக்கவில்லை’ என்று மாதக் கணக்கில் இழுக்கும் தகராறுகள் அந்த ஒரு வரி இல்லாததால்தான் வருகின்றன.

கையெழுத்தான தாளை இணைத்து 3,000 வெள்ளிக்குத் தனிக் கிளெய்ம் அனுப்புங்கள், பிறகு 3,000 கூட்டல் 270 ஜிஎஸ்டி, 3,270க்கு டாக்ஸ் இன்வாய்ஸ். கடைசி வேலைக் கிளெய்மோடு இதைக் கலக்காதீர்கள். வேலை மதிப்பில் தகராறு வந்தால் ரிட்டென்ஷனும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

மறு பாதிதான் பாதிக் கம்பெனிகள் மறந்துபோகும் பணம். 12 மாதத்தில் அந்த வேலையைப் பார்த்தவர் வேறு இடம் போயிருப்பார், கோப்பு அலமாரிக்குள் போயிருக்கும். எல்லா ஒப்பந்தங்களுக்கும் சேர்த்து ஒரு பட்டியல் வையுங்கள்: வாடிக்கையாளர், எவ்வளவு பிடித்திருக்கிறார்கள், எந்தத் தேதியில் கேட்கலாம். கணக்குப் புத்தகத்திலும் இந்த 6,000 வெள்ளியைச் சாதாரண பாக்கியோடு சேர்க்காமல் ரிட்டென்ஷன் என்று தனித் தலைப்பில் வையுங்கள், இல்லாவிட்டால் 90 நாள் தாண்டிய கடன் என்று வந்து முதலாளி தேவையில்லாமல் வாடிக்கையாளரைக் கூப்பிட்டுக் கேட்பார். காலம் முடிய ஒரு மாதம் இருக்கும்போதே கடைக்காரரைக் கூப்பிட்டு, மீதிப் பழுது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், ஆளை அனுப்புகிறேன் என்று கேளுங்கள். காலம் முடிந்ததும் கிளெய்ம். சோப்பாவின் கீழ் கிளெய்ம் கொடுக்க வேலை முடிந்து 30 மாதம் வரை இடம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் தாமதித்தாலும் பணம் போய்விடாது, ஆனால் கடை கைமாறிவிட்டால் தேடி அலைய வேண்டும்.

ஆறு இன்வாய்ஸையும் கூட்டிப் பாருங்கள். 24,000, 25,200, 31,200, 39,600, 3,000, 3,000. மொத்தம் 1,26,000. ஜிஎஸ்டி ஆறையும் கூட்டினால் 11,340, அதாவது 1,26,000க்குச் சரியாக 9 விழுக்காடு. இந்த இரண்டு கூட்டலும் பொருந்தாவிட்டால் எங்கோ ஒரு கிளெய்மில் முன்பணமோ ரிட்டென்ஷனோ பிசகியிருக்கிறது. கடைசி இன்வாய்ஸ் போவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள், பிறகு செய்து பயன் குறைவு.

வீட்டு வேலை என்றால்

வீவக வீட்டுக்காரரிடம் இதே பாணியில் போக முடியாது. கட்டட அதிகாரிகளின் அனுமதி தேவைப்படாத குடியிருப்பு ரெனவேஷனுக்கு சோப்பா பொருந்தாது, ஆகவே 21 நாள் பதில், தீர்ப்பாளர் எதுவும் அங்கே இல்லை. பணம் வராவிட்டால் ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனலுக்குப் போகலாம், வரம்பு 20,000 வெள்ளி, இருவரும் எழுத்தில் ஒத்துக்கொண்டால் 30,000. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். வீட்டு வேலையில் ரிட்டென்ஷன் என்று தனியாக வைப்பதற்குப் பதிலாகக் கடைசிக் கட்டமாக ஒரு சிறு தொகையை ஒப்படைப்புக்கு விட்டுவைப்பதுதான் வழக்கம். அப்படியானால் கட்டங்களை ‘டைல்ஸ் முடிந்ததும்’, ‘அலமாரி பொருத்தியதும்’ என்று கண்ணால் பார்க்கக்கூடிய வேலைகளோடு கட்டுங்கள், ‘இரண்டாவது மாதம்’ என்று நாளோடு கட்டாதீர்கள். வீட்டுக்காரர் வங்கியில் ரெனவேஷன் கடன் எடுத்திருந்தால் வங்கி கேஷியர்ஸ் ஆர்டரை உங்கள் கம்பெனிப் பெயரில் எழுதும், அதற்கு இன்வாய்ஸில் உள்ள பெயர் ஒப்பந்தத்தில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும்.

பிடித்த பணத்தில் கை வைத்தால்

கடைவீட்டு வேலைக்கே திரும்புவோம். மறு பாதியைக் கேட்டதும், “கல்லா மேசைக் கதவு கீழே இறங்கிடுச்சு, வேற ஆளை வெச்சுச் சரி பண்ணிட்டேன், 400 வெள்ளி ஆச்சு, அதைக் கழிச்சுத்தான் தருவேன்” என்று கடைக்காரர் சொல்லலாம். முதலில் ஒப்பந்தத்தைப் பாருங்கள். பழுதை எழுத்தில் உங்களுக்குச் சொல்லி, சரிசெய்ய அவகாசம் தந்து, நீங்கள் செய்யாவிட்டால்தான் வேறு ஆளை வைக்கலாம் என்று பெரும்பாலும் இருக்கும். உங்களுக்குச் சொல்லவே இல்லையென்றால் முழு 3,000க்கும் கிளெய்ம் கொடுத்து, குறைப்பதற்கான காரணத்தை அவர் எழுத்தில் தரட்டும். சொல்லியும் நீங்கள் ஆளை அனுப்பவில்லையென்றால் 400க்கான ரசீதைக் கேட்டு வாங்கிச் சரிபார்த்துவிட்டு, ஒப்பந்த விலையிலேயே 400 குறைகிறது என்று இருவரும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு 2,600க்கு மட்டும் இன்வாய்ஸ் போடுங்கள், ஜிஎஸ்டி 234, மொத்தம் 2,834. 3,000க்குப் போட்டுவிட்டு 400 வராமல் விட்டால், அந்த 400க்கான 36 வெள்ளி வரியும் உங்கள் கையிலிருந்து போகும்.